பழைய நண்பருக்கு நண்பர்கள் தின வாழ்த்து: என் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி பொன்மலைப்பட்டியில் தட்டச்சு, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு அடிக்க, ஆதார் நகல் எடுக்க, கல்யாணப் பத்திரிகை வாசகம் திருத்த வருகிறவர்கள்தான் அதிகம். ஜூலை கடைசி வாரம் ஆனால் இன்னொரு கூட்டமும் வரும். பெரும்பாலும் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். "தம்பி, என் சேக்காளிக்கு ஒரு வாழ்த்து அடிச்சுக் குடு" என்று செல்போனை நீட்டுவார்கள். முப்பது, நாற்பது வருடப் பழக்கமாக இருக்கும். என்ன எழுதுவது என்றுதான் தெரியாது.

வருடா வருடம் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவர்கள் கேட்டபடியே கேள்விகளையும், கூட உட்கார்ந்து எழுதியதில் எனக்குத் தெரிய வந்ததைப் பதிலாகவும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஜூலை 30ங்கிறாங்க, ஆகஸ்ட்ங்கிறாங்க. எதுதான் நண்பர்கள் தினம்?

இரண்டும் உண்டு. ஜூலை 30ஐ 2011இல் ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச நட்பு தினமாக அறிவித்தது. நம் ஊரில் பழக்கத்தில் இருப்பது ஆகஸ்ட் மாதத்தின் முதல் ஞாயிறு. 2026இல் அது ஆகஸ்ட் 2.

பழைய நண்பருக்கு எழுதுகிறவர்கள் ஞாயிறையே வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போன காலத்தில் இருவரும் சேர்ந்து சுற்றியது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையாகத்தான் இருக்கும். "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை" என்று தொடங்கினாலே பாதி விஷயம் கூடவே வந்துவிடும்.

நாப்பது வருசப் பழக்கம். "இனிய நண்பர்கள் தின வாழ்த்துகள்"னு பூப்படம் போட்டு அனுப்பினா போதாதா?

அனுப்பலாம், தப்பில்லை. ஆனால் அதே படம் அன்றைக்கு அவருக்கு இன்னும் பத்துப் பேரிடமிருந்து வந்திருக்கும். நீங்கள் அனுப்பியது எது என்று அவருக்கே தெரியாது. கட்டை விரலை உயர்த்தி ஒரு குறியைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

எழுதியதை நான் ஒரு கேள்வி கேட்டுச் சோதிப்பேன். இதே வாழ்த்தை உங்கள் எதிர்வீட்டுக்காரருக்கு அனுப்பினால் பொருந்துமா? பொருந்தும் என்றால் இன்னும் உங்கள் நண்பருக்கு எழுதத் தொடங்கவில்லை என்று அர்த்தம். "என் சுக துக்கங்களில் பங்கு கொண்டவனே" என்பது எல்லோருக்கும் பொருந்தும். "டிபன் கேரியர் மூடியில எனக்கு ரசம் ஊத்திக் குடுப்பியே" என்பது ஒருவருக்குத்தான் பொருந்தும்.

எழுத உட்கார்ந்தா ஒன்னுமே ஞாபகம் வரலையே. தினம் பார்த்தோம், பேசினோம், வீட்டுக்குப் போனோம். அவ்வளவுதானே?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். சாதாரண நாட்கள் மனதில் தனித்தனி நாளாகத் தங்குவதில்லை. ஒரே சாலையில் இருபது வருடம் போய் வந்தால் அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரே சாலையாகிவிடும். அதனால் "என்ன நடந்தது?" என்று யோசித்தால் கல்யாணம், விபத்து, பதவி உயர்வு என்று பெரிய சம்பவங்கள்தான் வரும். அவை ஊருக்கே தெரிந்தவை.

வழியைப் பிடித்துக்கொண்டு போனால் வரும். ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் வீட்டையும் நீங்கள் இருவரும் சந்திக்கும் இடத்தையும் குறித்துக்கொண்டு, நடுவில் இருந்த சாலையைக் கோடாகப் போடுங்கள். சைக்கிள் கடை, தண்ணீர் பம்ப், லெவல் கிராசிங், டீக்கடை என்று வழியில் இருந்தவற்றை எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொரு இடத்திலும் நின்று, "இங்கே அவன் கை என்ன செய்துகொண்டிருந்தது?" என்று கேளுங்கள். மனம் என்ன நினைத்தது என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. கை என்ன செய்தது என்பதற்குப் பதில் உண்டு. சைக்கிள் பெல்லைத் துடைத்தது, டீ கிளாசை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் உருட்டியது, காசு கொடுக்கப் போன உங்கள் கையைத் தட்டிவிட்டது. அப்படியே அடுத்ததைக் கேளுங்கள். யார் யார் வீட்டு வாசலில் வந்து நிற்பார்? எப்படிக் கூப்பிடுவார்? காத்திருந்தது யார்? பாக்கி கொடுத்தது யார்?

சரியான விஷயம் கிடைத்துவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது என்றால், எதிரே உட்கார்ந்திருப்பவர் சொல்லிவிட்டு, "இதையெல்லாமா எழுதுவாங்க?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்ததும் நான் பேனாவை எடுத்துவிடுவேன். எழுத வேண்டியது அதுதான்.

கிடைச்சதை எல்லாம் போடணுமா? எத்தனை விஷயம் எழுதலாம்?

மூன்று போதும். வாட்ஸப்பில் ஓரளவுக்கு மேல் போனால் செய்தி மடங்கி, "மேலும் படிக்க" என்று வந்து நிற்கும். அதை அழுத்த வேண்டும் என்றே பல பெரியவர்களுக்குத் தெரியாது. முக்கியமானதைக் கடைசியில் வைத்துவிட்டால் அது படிக்கப்படாமலே போய்விடும். அதனால் சிறந்ததை முதலில் வையுங்கள்.

மூன்றும் ஒரே காலத்தில் இருக்க வேண்டாம். நாற்பது தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் அதிகமாக வரும் என்பது நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் பலமுறை கண்டது. கடையிலும் அப்படியே பார்க்கிறேன். எல்லோரும் பயிற்சிக்காலம், முதல் சம்பளம், பழைய சைக்கிள் என்று அங்கேயே சுற்றுகிறார்கள். நாற்பது வருட நட்பில் பின்பாதி இருபது வருடம் காணாமல் போய்விடுகிறது. இளமையிலிருந்து ஒன்று, நடுவயதிலிருந்து ஒன்று, சமீபத்திலிருந்து ஒன்று என்று எடுங்கள். சமீபத்து ஒன்றுக்குத்தான் கொஞ்சம் தேட வேண்டும். ஆஸ்பத்திரி வரிசை, பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடப் போன வழி, வங்கியில் ஆயுள் சான்று கொடுக்கப் போன நாள் என்று பார்த்தால் கிடைக்கும்.

எழுதினது ஒன்னு காட்டுங்களேன், பார்த்துட்டு எழுதிக்கிறோம்.

ஒரு பெரியவரின் அனுமதியோடு அவர் எழுதியதைப் போடுகிறேன். இருவரும் பணிமனையில் ஒன்றாகப் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள். நண்பர் ஓய்வுக்குப் பிறகு மகனோடு ஓசூர் போய்விட்டார். இவர் முதலில் எழுதிக்கொண்டு வந்தது: "நட்புக்கு இலக்கணமே! நாற்பது ஆண்டு காலம் என்னோடு இன்பத்திலும் துன்பத்திலும் தோள் கொடுத்த தோழனே! நீ வாழ்க பல்லாண்டு!" படித்துவிட்டு, "ஓசூர் போனதிலிருந்து அவரை எப்போது நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை சந்தையில, வெண்டைக்காய் வாங்குறப்ப" என்றார். அங்கிருந்து பிடித்துக்கொண்டு மேலே சொன்ன மாதிரி வழியை வரைந்தோம். ஒரு மணி நேரத்தில் இது வந்தது:

"மாப்ளே, இன்னைக்குச் சந்தைக்குப் போனேன். வெண்டைக்காய் நுனியை ஒவ்வொன்னா உடைச்சுப் பார்ப்பியே, அந்தம்மா 'எல்லாத்தையும் உடைச்சுட்டா மிச்சத்தை யாருய்யா வாங்குவா'ன்னு கத்துமே. நானும் உடைச்சேன். யாரும் திட்டல. ஒரு மாதிரியா இருந்துச்சு.

சங்கு ஊதுறதுக்குள்ள போகணும்னு நீ மிதிப்ப, நான் பின்னாடி ரெண்டு கேரியரையும் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். ஏத்தத்துல இறங்குறேன்டான்னா விடமாட்ட. நின்னுக்கிட்டே மிதிப்ப. உன் சட்டை முதுகுல வேர்வை படர்றதைப் பார்த்துக்கிட்டே வருவேன். சொன்னதில்ல, இப்ப சொல்றேன்.

பழைய ஐநூறு ரூபா செல்லாதுன்னு ஆனப்ப பேங்க்ல நின்னோமே. எனக்கு முட்டி வலி. என்னை மரத்தடியில உட்கார வச்சுட்டு என் இடத்தையும் சேர்த்து நீ பிடிச்சு வச்சிருந்த. கைக்கு வந்தது ரெண்டாயிரம் ரூபா நோட்டு. டீக்கடையில சில்லறை இல்லன்னு கடன் சொல்லிட்டு வந்தோம். அந்தக் கடனை மறுநாள் நீதான் குடுத்திருக்க. எனக்கு அப்புறம்தான் தெரியும்.

பதில் எழுதணும்னு இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை சந்தையில இருந்து வீடியோ கால் போடுறேன். வெண்டைக்காயை நீயே பாரு."

நட்பு என்ற சொல்லே இதில் இல்லை, வாழ்த்து என்ற சொல்லும் இல்லை. அவற்றை எங்கேயாவது சேர்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இன்னொன்றும் கவனியுங்கள். மூன்று பத்தியிலும் ஏதோ செய்துகொண்டிருப்பது அந்த நண்பர்தான். எழுதியவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். நினைவு வாழ்த்தில் பலரும் தவறுகிற இடம் இது. "நான் அப்போ கஷ்டப்பட்டேன், நான் அப்படி முன்னுக்கு வந்தேன்" என்று சொந்தக் கதையாகிவிடும். எழுதி முடித்ததும் "நான்" எத்தனை, "நீ" எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இதைப் பார்த்துவிட்டு வெண்டைக்காயைக் கத்தரிக்காயாக மாற்றி அனுப்பாதீர்கள். உங்கள் நண்பர் எதை உடைத்துப் பார்ப்பார் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

வாடா போடான்னு எழுதலாமா? பேரன் எடுத்துட்டான், மரியாதையா இருக்குமா?

நேரில் பார்த்தால் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே எழுதுங்கள். மாப்ளே என்பவர் மாப்ளே என்றும், பங்காளி என்பவர் பங்காளி என்றும், "வாங்க போங்க"விலேயே நாற்பது வருடம் பழகியவர்கள் "வாங்க போங்க" என்றும் எழுதுவதுதான் மரியாதை. பேச்சு வழக்கிலேயே எழுதலாம். இலக்கணம் பார்க்க வேண்டியதில்லை.

இதில் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். தொடக்கத்தில், "வந்தே, போனே" என்று ஒருவர் சொன்னதை "வந்தாய், சென்றாய்" என்று திருத்தி அடித்துக் கொடுத்தேன். அவருடைய நண்பர் போன் செய்து, "யாருடா எழுதிக் குடுத்தது?" என்று கேட்டாராம். விஷயம் முழுக்க இவருடையது, குரல் மட்டும் என்னுடையதாகிவிட்டது. அதிலிருந்து எழுத்துப்பிழை தவிர வேறு எதையும் நான் தொடுவதில்லை.

குடும்பத்தார் படிப்பார்களே என்ற தயக்கம் இருந்தால், அது "டா"வைப் பற்றி வேண்டாம், விஷயத்தைப் பற்றி இருக்கட்டும். பெரியவர்களின் போன் பெரும்பாலும் மருமகள் கையிலோ பேத்தி கையிலோதான் இருக்கும். சாராயக்கடை, பழைய காதல், வீட்டுக்குத் தெரியாமல் வாங்கிய கடன் இவற்றை நேரில் பார்க்கும்போது பேசிக்கொள்ளுங்கள்.

நாங்க ரெண்டு பேரும் பொம்பளைங்க. அவளுக்குக் கல்யாணமாகிப் போனப்புறம் பார்த்ததே நாலு தடவைதான். அன்றாட நாள்னு எங்களுக்கு எங்க இருக்கு?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கஷ்டமாக இருக்கும். ஆண்களின் நட்பு வேலையோடும் ஊரோடும் சேர்ந்து ஓடுகிறது. பெண்களின் நட்பைக் கல்யாணம் இரண்டு ஊராகப் பிரித்துவிடுகிறது. முகவரி கணவர் வீட்டு முகவரியாக மாறி, அப்பா பெயரில் இருந்த தலைப்பெழுத்து மாறி, தேடினாலும் கிடைக்காத மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் இளமை, நடுவயது, சமீபம் என்று மூன்று எடுக்கச் சொன்ன வழி உங்களுக்குப் பொருந்தாது.

உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. சேர்ந்திருந்த காலத்தின் ஒரு வேலை இன்றைக்கும் உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு அம்மா, தோழி சொல்லிக் கொடுத்த மாதிரிதான் இன்றும் மல்லிகை கட்டுவதாகச் சொன்னார். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம் வைத்து, நாரைச் சுற்றி இழுக்கும்போது கட்டை விரலால் காம்பை அழுத்திக்கொள்வது. ஐம்பது வருடமாக வெள்ளிக்கிழமை தோறும் அந்த விரல் அப்படித்தான் போகிறது. "நீ சொல்லிக் குடுத்த மாதிரியே இன்னைக்கும் கட்டினேன். என் மருமகளுக்கும் அப்படியே வந்துடுச்சு" என்று எழுதினார். பார்க்காமலே இருந்த வருடங்களையும் சேர்த்து அந்த இரண்டு வரி சொல்லிவிட்டது. கோலம், சமையல், தையல், ஒரு பாட்டின் ஒரு வரியைத் தப்பாகவே பாடுவது என்று ஏதாவது ஒன்று உங்கள் கையிலும் இருக்கும்.

வருசம், விலை எல்லாம் சரியா ஞாபகம் இல்ல. தப்பா எழுதிட்டா?

வருடம் தெரிய வேண்டுமானால் ஊரே அறிந்த ஒரு நாளோடு சேர்த்துப் பாருங்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் 1977 நவம்பர் வெள்ளத்தை வைத்து முன், பின் சொல்வார்கள். எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24. சுனாமி 2004 டிசம்பர் 26. பழைய ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தது 2016 நவம்பர் 8. "அது சுனாமிக்கு முன்னாடியா, பின்னாடியா? அப்போ உங்க பொண்ணு எத்தனாவது படிச்சுச்சு?" என்று இரண்டு கேள்வி கேட்டால் ஒரு வருடம் முன்னே பின்னே கிடைத்துவிடும்.

கிடைக்காவிட்டால் எண்ணை விட்டுவிடுங்கள். "1983இல் டீ 40 பைசா" என்று நிச்சயமில்லாமல் எழுதுவதைவிட, "ஒரு டீயை ரெண்டு கிளாஸ்ல ஊத்தச் சொல்லிக் குடிப்போமே" என்பது உண்மையானது. தப்பாகிவிட்டாலும் பயமில்லை. "டேய், அது அந்தக் கடை இல்லடா" என்று அவர் திருத்தி எழுதினால் பேச்சு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். விடாமல் சாதிக்காதீர்கள். அவருக்கு ஞாபகம் இருக்கிற கடை அவருக்கு.

திருக்குறள் ஒன்னு போட்டா நல்லா இருக்குமே?

எல்லோரும் எடுப்பது "உடுக்கை இழந்தவன் கைபோல" குறள். அது நட்பு அதிகாரத்தில் வருவது, ஆபத்தில் உதவுவதைப் பற்றியது. பல வருடப் பழக்கத்துக்கென்றே வள்ளுவர் தனியாக ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். 81ஆவது அதிகாரம், பெயரே "பழைமை". நெடுநாள் பழகியவர் உரிமையோடு கேட்காமலே ஒன்றைச் செய்துவிட்டால், அதை ஏற்றுக்கொள்வதுதான் பழைய நட்பு என்று அதில் பேசுகிறார். மேலே பார்த்த வாழ்த்தில் நண்பர் சொல்லாமலே டீக்கடைக் கடனை அடைத்தாரே, அந்த வகை.

போட விரும்பினால் 801ஆவது குறளைப் போடுங்கள்: "பழைமை எனப்படுவது யாதெனின் யாதும் கிழமையைக் கீழ்ந்திடா நட்பு." இங்கே கிழமை என்றால் உரிமை. நண்பர் எடுத்துக்கொள்ளும் உரிமையைச் சிறிதும் குலைக்காத நட்பே பழைமை என்பது பொருள். உங்கள் சொந்த வரிகளுக்குப் பிறகு கடைசியில் வையுங்கள். தலையில் வைத்தால் அதுவும் பூப்படம் மாதிரித் தள்ளிவிடப்படும்.

பழைய ஆளுங்க குரூப் இருக்கு. அதுல போடவா, தனியா போடவா?

தனியாக அனுப்புங்கள். குரூப்பில் போட்டால் உங்கள் செய்திக்கு மேலும் கீழும் இருபது பூச்செண்டு வந்து அதை மூடிவிடும். தன்னைப் பற்றி மட்டும் எழுதியதை எல்லோர் முன்னாலும் படிக்கப் பலருக்குக் கூச்சமாகவும் இருக்கும். அவருக்குப் பிடித்திருந்தால் அவரே குரூப்பில் போடட்டும்.

அவருக்குக் கண் சரியாத் தெரியாது. பேசி அனுப்பினா நல்லா இருக்குமா?

எழுதியதைவிட நன்றாகவே இருக்கும். மைக் குறியை அழுத்திப் பிடித்து மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், விரலை எடுத்துவிட்டுப் பேசலாம். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. எழுதி வைத்துப் படிக்காதீர்கள். படிக்கும்போது குரல் செய்தி வாசிக்கிற மாதிரி ஆகிவிடும். "சந்தை, சைக்கிள், பேங்க்" என்று மூன்று சொல் மட்டும் துண்டுத்தாளில் வைத்துக்கொண்டு, அவர் எதிரே இருப்பதாக நினைத்துப் பேசுங்கள்.

முடிந்தால் அந்த இடத்திலேயே நின்று பதிவு செய்யுங்கள். சந்தைச் சத்தம், ரயில் போகிற சத்தம், கோயில் மணி கொஞ்சம் பின்னால் கேட்கட்டும். உங்கள் குரலை மூடாத அளவு தள்ளி நின்றால் போதும்.

என் சேக்காளி சம்சாரம் போன மாசம் தவறிட்டாங்க. பழைய நாளை எழுதினா அவங்களும் வருவாங்களே. எழுதலாமா?

எழுதலாம். ஆனால் வாழ்த்தாக வேண்டாம். இறப்பு நடந்த வீட்டில் ஒரு வருடம் பண்டிகை கிடையாது. "இனிய" என்ற சொல், பட்டாசுப் படம், வண்ண எழுத்து எதுவும் இல்லாமல் வெறும் செய்தியாக அனுப்புங்கள். நண்பர்கள் தினம் என்பதையே குறிப்பிட வேண்டியதில்லை.

அந்த அம்மாவை விட்டுவிட்டு எழுதினால் அவருக்கு அது இன்னும் வலிக்கும். வரட்டும், ஆனால் நல்ல நாளில் வரட்டும். கடைசி மாதங்களையும் ஆஸ்பத்திரியையும் எழுதாதீர்கள், அதை அவர் தினம் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். ஒருவர் இப்படி எழுதினார்: "நைட் ஷிப்ட் முடிஞ்சு உன் வீட்டுக்கு வந்தா, தங்கச்சி ஒன்னும் கேட்காம ரெண்டு டம்ளர்ல கஞ்சியை வச்சுட்டுப் போகும். என் டம்ளர்ல மட்டும் உப்பு கம்மியா இருக்கும். எனக்குப் பிரஷர்னு அதுக்கு யார் சொன்னாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல." அதற்கு மேல் ஆறுதல் எதுவும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை.

எங்களுக்குள்ள ஒரு பணத் தகராறு. ஆறு வருசமாப் பேச்சு இல்ல. இந்த நாளைச் சாக்கா வச்சு எழுதலாமா?

முதலில், பணம் யார் யாருக்குத் தர வேண்டும்? நீங்கள் தர வேண்டியது என்றால் அதைக் கொடுத்துவிட்டு, அல்லது எப்போது கொடுப்பேன் என்று தனியாகச் சொல்லிவிட்டு எழுதுங்கள். கொடுக்காமல் பழைய சைக்கிளைப் பற்றி எழுதினால் அவர் அதைத் தட்டிக் கழிப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார். அவர் தர வேண்டியது என்றால் செய்தியில் அதன் நிழல்கூட இருக்கக் கூடாது. "பழசையெல்லாம் மறந்துடலாம்" என்று எழுதாதீர்கள், அந்த வரிதான் அதை ஞாபகப்படுத்தும்.

மூன்று வேண்டாம், ஒரே ஒரு விஷயம் எடுங்கள். தகராறுக்குப் பல வருடம் முந்தையதாக, பணம் சம்பந்தப்படாததாக இருக்கட்டும். நாலு வரி போதும். கேள்வி கேட்டு முடிக்காதீர்கள். "எப்படி இருக்கே?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய நெருக்கடி வந்துவிடும். "இன்னைக்கு அந்தப் பக்கம் போனேன், ஞாபகம் வந்துச்சு" என்று முடிந்தால், பதில் சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம். பதில் வராமலே போகலாம். அதற்குத் தயாராக இருந்தால் மட்டும் அனுப்புங்கள்.

அவருக்கு மறதி நோய் வந்துடுச்சு. சில நாள் என்னையே யாருன்னு கேட்கிறார். இப்ப எழுதி என்ன பிரயோஜனம்?

எழுதுங்கள். மறதி நோயில் பொதுவாகப் புதியவை முதலில் போகும், பழையவை கொஞ்ச நாள் கூடுதலாகத் தங்கும். அதனால் சமீபத்தியது ஒன்று வேண்டும் என்று முன்பு சொன்னதை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். இளமைக்காலம் மட்டும் போதும். நாலைந்து சின்ன வாக்கியம். அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அனுப்பி, அவர் தெளிவாக இருக்கிற வேளையில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். குரலாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரே பதிவை வேறு நாளிலும் கேட்கலாம்.

"ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அது அவருக்குப் பரீட்சை வைப்பது மாதிரி. இல்லை என்று சொல்ல வேண்டி வந்தால் அவர் முகம் வாடிவிடும். "நாம ரெண்டு பேரும் ஒரே சைக்கிள்ல போவோம். நீதான் மிதிப்ப" என்று நடந்ததைச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு அவர் சிரித்தால் போதும். யார் பேசியது என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அனுப்பிட்டேன். ரெண்டு நீல டிக் வந்துடுச்சு. பதிலே இல்லையே. தப்பா எழுதிட்டேனோ?

பூப்படத்துக்கு ஒரு நொடியில் பதில் வரும். இதற்கு வராது. தன்னைப் பற்றி ஒருவர் இவ்வளவு கவனித்து வைத்திருக்கிறார் என்று தெரிந்ததும் என்ன எழுதுவது என்று அவருக்கும் தெரியாது. இதே நிலையில் நீங்கள் என் கடைக்கு வந்தீர்கள், அவருக்குப் பக்கத்தில் கடை இருக்கிறதோ என்னவோ. "படிச்சியா?" என்று கேட்டு அனுப்பாதீர்கள். ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் வேறு ஏதாவது காரணம் சொல்லிப் போன் செய்யுங்கள். அவரே எடுப்பார் அந்தப் பேச்சை.

வெண்டைக்காய் எழுதிய பெரியவரும் மூன்று நாள் கடை வாசலில் வந்து போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் ஓசூரிலிருந்து ஒரு போட்டோ வந்தது. எவர்சில்வர் தட்டில் கால் கிலோ வெண்டைக்காய், அத்தனைக்கும் நுனி உடைந்திருந்தது. கீழே ஒரு வார்த்தையும் இல்லை. கலரில் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்ததும் பார்த்துவிட்டு, "லேமினேஷனும் போட்டுடு தம்பி" என்றார்.